டோக்கியோவில் போட்ட ஊசிக்குச் சென்னையில் கணக்கு

‘4・6・14’ என்று நீல மையில் எழுதி, பக்கத்தில் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. டோக்கியோவில் பிறந்த ஒரு குழந்தையின் தடுப்பூசிப் பக்கத்தில் இப்படி ஒரு வரி இருந்தால், சென்னையில் அதைப் புரட்டுகிறவர் 2014-ஆம் ஆண்டு ஜூன் 4 என்று படிக்கக்கூடும். அந்தக் குழந்தை அப்போது பிறக்கவே இல்லை. உண்மையான தேதி 2022 ஜூன் 14. ஜப்பானில் ஆண்டை முதலில் எழுதி, பிறகு மாதம், கடைசியில் நாள் என்று போவது வழக்கம். ஆண்டும் பேரரசரின் ஆட்சியாண்டாகவே பெரும்பாலும் எழுதப்படும். 2019 மே 1-இல் தொடங்கிய ரெய்வா ஆட்சிக்காலத்தின் 4-ஆம் ஆண்டு, நம் நாட்காட்டியில் 2022. ரெய்வா ஆண்டோடு 2018-ஐக் கூட்டினால் கணக்கு வந்துவிடும்.

ஜப்பானில் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்கள் ஊர் திரும்பும்போது பாஸ்போர்ட்டுக்கு அடுத்தபடியாகப் பத்திரமாக எடுத்து வரவேண்டியது இந்தக் கையேட்டைத்தான். ‘போஷி தெச்சோ’ என்பது அதன் அழைப்புப் பெயர். தாய்-சேய் நலக் கையேடு என்று சொல்லலாம். கர்ப்பத்தைப் பதிவு செய்தவுடன் உள்ளாட்சி அலுவலகமே தரும். 1942-இல் கர்ப்பிணிகளுக்கான கையேடாகத் தொடங்கி, 1948-இல் குழந்தையையும் சேர்த்துக்கொண்டு, 1965-இல் வந்த தாய்-சேய் நலச் சட்டத்துக்குப் பிறகு இப்போதைய முழுப் பெயரைப் பெற்றது. பேறுகாலப் பரிசோதனை, பிரசவம், குழந்தையின் எடை, உயரம், தடுப்பூசி எல்லாம் ஒரே புத்தகத்தில் இருக்கும். ஜப்பானியத்தோடு ஆங்கிலமும் சேர்த்து அச்சிட்ட பதிப்புகளும் உண்டு. ஆனால் அச்சிட்ட தலைப்புகள்தான் இருமொழியில் இருக்கும். மருத்துவர் கையால் எழுதுவது ஜப்பானியம்தான்.

இதைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் மொழிபெயர்க்கிறவர் இருவருக்காக வேலை செய்கிறார். ஆங்கிலப் பக்கம் மருத்துவருக்கும் பள்ளிக்கும். தமிழ்ப் பக்கம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும் பாட்டிக்கும், அங்கே பதிவேட்டில் எழுதும் செவிலியருக்கும். இரண்டிலும் ஒரே தேதி, ஒரே வயது, ஒரே அளவு இருக்கவேண்டும். வேலை சுலபம்போலத் தோன்றும். எங்கே சறுக்கும் என்பதைப் பார்க்க, கற்பனையாக ஒரு குழந்தையை வைத்துக்கொண்டு வரி வரியாகப் போகலாம்.

ரெய்வா 4-ஆம் ஆண்டு, ஏப்ரல் 12-இல் பிறந்த ஒரு பையன். முதல் தடுப்பூசி நாள் 2022 ஜூன் 14. அன்று அவனுக்கு 2 மாதம் 2 நாள். வாரக் கணக்கில் சரியாக 9 வாரம். அன்றைக்கு ஹிப், நிமோகாக்கல், ஹெபடைட்டிஸ் பி, ரோட்டா ஆகிய நான்கும் தொடங்கின. ஜூலை 12-இல் அந்த நான்கின் இரண்டாம் தவணையோடு, அப்போது 3 மாதத்தில் தொடங்கப்பட்டுவந்த ‘யோன்ஷு கொங்கோ’ என்ற நான்கு நோய்க் கூட்டுத் தடுப்பூசியின் முதல் தவணையும் சேர்ந்தது. ஆகஸ்டு 9, செப்டம்பர் 6 என்று கூட்டுத் தடுப்பூசியின் அடுத்த தவணைகள். செப்டம்பர் 20-இல் பி.சி.ஜி. நவம்பரில் ஹெபடைட்டிஸ் பி மூன்றாம் தவணை. 2023 ஏப்ரல் 18-இல், ஒரு வயது முடிந்து 6 நாளில், தட்டம்மை-ரூபெல்லாவுக்கான எம்.ஆர்., சின்னம்மை ஆகியவற்றோடு ஹிப், நிமோகாக்கல் நான்காம் தவணைகளும். அந்த ஆகஸ்டில் குடும்பம் சென்னைக்குத் திரும்பிவிட்டது.

முதல் சிக்கல் வயதைச் சொல்லும் சொல்லில்தான். ஜப்பானியக் கையேடு ‘பிறந்து 3 மாதம்’ என்று சொன்னால், 3 மாதம் முடிந்திருக்கவேண்டும் என்று பொருள். அதைத் தமிழில் ‘3-ஆம் மாதம்’ என்று எழுதினால் ஒரு மாதம் முன்னே போய்விடும். ஏனென்றால் நம் பேச்சில் 3-ஆம் மாதம் என்பது நடப்பு மாதம். 2 மாதம் முடிந்த மறுநாளே அது தொடங்கிவிடும். கர்ப்பத்துக்கு மாதம் எண்ணுகிற வீட்டில் யாரைக் கேட்டாலும் இப்படித்தான் சொல்வார்கள். இந்திய அட்டவணையிலும் இதே ஆபத்து உண்டு. எம்.ஆர். முதல் தவணை 9 மாதம் முடிந்த பிறகு என்பதே விதி. ‘9-ஆம் மாத ஊசி’ என்று யாராவது எழுதிக் கொடுத்தால், 8 மாதம் முடிந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிறவரைக் குறை சொல்ல முடியாது. ஆகவே தமிழ்ப் பக்கத்தில் ஒவ்வொரு வயதுக்கும் ‘முடிந்ததும்’ அல்லது ‘முடியும் முன்’ என்ற சொல் கட்டாயம் வேண்டும். ‘வரை’ என்ற சொல் மட்டும் போதாது. ஜப்பானில் பி.சி.ஜி.க்கு உள்ள உச்ச வரம்பு ஒரு வயது ஆகும் முன் என்பது. இந்தப் பையனுக்கு அது 2023 ஏப்ரல் 11. ‘1 வயது வரை’ என்று எழுதினால் பிறந்தநாள் அன்று போடலாமா கூடாதா என்று யாருக்கும் தெரியாது.

வாரத்தை மாதமாக்குவதும் இதே ரகம். ரோட்டாரிக்ஸ் என்ற ரோட்டா மருந்தின் கடைசி நாள், ஜப்பானிய விதிப்படி பிறந்து 24 வாரம் 0 நாள். அதாவது 168 நாள். இந்தப் பையனுக்கு அது செப்டம்பர் 27. ‘6 மாதம்’ என்று வழவழப்பாக மொழிபெயர்த்தால் அக்டோபர் 12 ஆகிவிடும். 15 நாள் நீண்டுவிடும். ரோட்டாவுக்கு இப்படிக் கறாரான உச்ச வரம்பு வைக்கக் காரணம், குழந்தை வளர்ந்த பிறகு முதல் முறை கொடுத்தால் குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொள்ளும் அபாயம் பற்றிய கவலை. எனவே வாரம் வாரமாகவே இருக்கட்டும். தமிழ்நாட்டில் 6, 10, 14 வாரத் தவணைகளை ‘ஒன்றரை மாச ஊசி, ரெண்டரை மாச ஊசி, மூன்றரை மாச ஊசி’ என்று சொல்வது வழக்கில் ஊறிப்போனது. பேச்சுக்கு அது நல்லது, நினைவில் நிற்கும். ஆனால் 14 வாரம் என்பது 98 நாள். மூன்றரை மாதம் அதைவிட ஒரு வாரத்துக்கும் மேல் கூடுதல். கையேட்டின் தமிழ்ப் பக்கத்தில் வாரத்தை முதலில் எழுதி, வழக்குச் சொல்லை அடுத்து வைப்பதே சரி.

இடைவெளிக் கணக்கு இன்னும் நுட்பமானது. ஹிப் தவணைகளுக்கு இடையில் ‘27 நாளுக்குக் குறையாத இடைவெளி’ என்று ஜப்பானிய விதி சொல்கிறது. முதல் ஊசி ஜூன் 14. அந்த நாளையும் அடுத்த ஊசி நாளையும் சேர்க்காமல், இடையில் 27 முழு நாள் கழியவேண்டும். ஜூன் 15 முதல் 30 வரை 16 நாள், ஜூலை 1 முதல் 11 வரை 11 நாள், ஆக 27. அடுத்த ஊசி ஜூலை 12-இல். ஜூன் 14 ஒரு செவ்வாய். ஜூலை 12-உம் செவ்வாய். இதை ‘27 நாள் கழித்து’ என்று தமிழில் எழுதினால், 14-உடன் 27-ஐக் கூட்டி ஜூலை 11 என்று ஒருவர் கணக்குப் போட்டுவிடலாம். ஒரு நாள் குறையும். ‘4 வாரம் கழித்து, அதே கிழமையில் அல்லது அதற்குப் பிறகு’ என்று எழுதிவிட்டால் தமிழிலும் ஆங்கிலத்திலும் குழப்பமே இல்லை. இந்திய அட்டவணையின் 4 வார இடைவெளியோடும் அது பொருந்திவிடும்.

தேதியை விடவும் அதிகச் சேதம் செய்யக்கூடியது தடுப்பூசியின் பெயர். ‘யோன்ஷு கொங்கோ’ என்பதில் தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னி, போலியோ ஆகிய நான்குக்கும் தடுப்பு இருக்கிறது. 2024 ஏப்ரலில் ஜப்பான் இதோடு ஹிப்பையும் சேர்த்து ஐந்து நோய்க் கூட்டாக, ‘கோஷு கொங்கோ’வாக, வழக்கமான அட்டவணைக்குக் கொண்டுவந்தது. இந்தியாவிலும் ஐந்து நோய்க் கூட்டு உண்டு. பென்டாவலன்ட் என்பது அதன் பெயர். தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னி, ஹிப் வரை இரண்டும் ஒன்றே. ஐந்தாவது மட்டும் வேறு. ஜப்பானில் அது போலியோ, இந்தியாவில் ஹெபடைட்டிஸ் பி.

இந்த இடத்தில் மொழிபெயர்ப்பாளர் ‘ஐந்துதானே’ என்று பென்டாவலன்ட் என எழுதிவிட்டால் என்ன ஆகும்? 2024-க்குப் பிறகு டோக்கியோவில் பிறந்த குழந்தையின் தமிழ்ப் பக்கத்தில் போலியோ ஊசி ஒன்றுகூட இருக்காது. ஹெபடைட்டிஸ் பி தனியாகவும் போடப்பட்டிருப்பதால் அது இரட்டிப்பாகத் தெரியும். நம் பையன் போன்ற 2022 குழந்தைக்கு ‘நான்கு நோய்க் கூட்டு’ என்று மட்டும் எழுதி விட்டாலும் அரைகுறைதான். எந்த நான்கு என்று படிக்கிறவர் ஊகிக்கவேண்டி வரும். பெயரை மொழிபெயர்ப்பதைவிட உள்ளே இருப்பதை எழுதுவதே இங்கே நேர்மை. ‘தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னி, ஊசிவழிப் போலியோ: நான்கும் சேர்ந்த ஊசி’ என்று நீளமாக எழுதினால் கட்டம் நிரம்பிவிடும்தான். நிரம்பட்டும்.

இதே கவனம் எம்.ஆர். என்ற இடத்திலும் தேவை. இந்தியத் தனியார் மருத்துவமனைகளில் பொன்னுக்கு வீங்கிக்கும் சேர்த்துப் போடும் எம்.எம்.ஆர். பரவலாகப் பழக்கம் என்பதால், கை தானாக ஒரு ‘எம்’மைக் கூடுதலாக எழுதிவிடும். ஜப்பானின் வழக்கமான அட்டவணையில் உள்ளது தட்டம்மை, ரூபெல்லா இரண்டு மட்டுமே. பொன்னுக்கு வீங்கிக்கான ஊசி அங்கே பெற்றோர் விருப்பப்படி தனியாகப் போடுவது. கூடுதலாக விழுந்த அந்த ஓர் எழுத்து, போடாத ஊசியைப் போட்டதாகக் காட்டிவிடும்.

‘ட்சுயிகா’ என்று ஒரு கட்டம் உண்டு. நேர்ப் பொருள் பார்த்தால் ‘கூடுதல்’. அப்படியே எழுதினால், போட்டால் போடலாம், விட்டால் விடலாம் என்று பெற்றோர் நினைத்துக்கொள்வார்கள். அது முதல் சுற்றில் உண்டான எதிர்ப்புத் திறனை நீட்டிக்கும் பூஸ்டர். நம் சுகாதாரத் துறை ‘ஊக்குவிப்புத் தவணை’ என்று சொல்வதுதான். நம் பையனின் கூட்டுத் தடுப்பூசியில் மூன்று தவணை முடிந்து, இந்த ஊக்குவிப்புக் கட்டம் காலியாக இருக்கிறது. சென்னையில் குழந்தை மருத்துவர் முதலில் தேடப்போகும் கட்டமும் இதுதான். ஏனென்றால் இந்திய அட்டவணையில் டி.பி.டி. முதல் ஊக்குவிப்புத் தவணையின் காலம் 16 முதல் 24 மாதம். பையன் வந்து இறங்கியபோது அவனுக்கு 16 மாதம்.

இனி அளவு. தமிழில் ‘டோஸ்’ என்ற ஒரே சொல் இரண்டு வேலை செய்கிறது. ‘ரெண்டாவது டோஸ் போட்டாச்சு’ என்றால் தவணை. ‘அரை டோஸ் குடுங்க’ என்றால் மருந்தின் அளவு. மொழிபெயர்ப்பில் முதலாவதைத் ‘தவணை’ என்றும், இரண்டாவதை ‘அளவு’ என்றும் பிரித்து, அளவுக்கு எப்போதும் மில்லி லிட்டரோ சொட்டோ சேர்த்து எழுதினால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

மீதிப் பாதி, மொழிபெயர்ப்பாளரின் அரைகுறை அறிவால் வருவது. ஹெபடைட்டிஸ் பி ஊசி இந்தியாவில் பிறந்தவுடன் 24 மணி நேரத்துக்குள் போடப்படும், அளவு 0.5 மில்லி. ஜப்பானில் 10 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அளவு 0.25 மில்லி. பொதுவாக 2 மாதத்தில்தான் தொடங்குவார்கள். தாய்க்கு ஹெபடைட்டிஸ் பி கிருமி இருந்தால் மட்டும் பிறந்தவுடன். இந்திய அட்டவணை மனப்பாடமாகத் தெரிந்த ஒருவர், ஜப்பானியத் தாளில் 0.25 என்று பார்த்ததும் எழுத்துப் பிழை என்று நினைத்து 0.5 ஆக்கிவிட வாய்ப்பிருக்கிறது. பிறந்த நாள் கட்டம் காலியாக இருக்கிறதே என்று ஜூன் மாதத் தவணையை அங்கே நகர்த்திவிடவும் கூடும். இரண்டும் செய்யக்கூடாதவை. இந்திய அச்சில் வார்த்த கட்டங்களுக்குள் ஜப்பானியப் பதிவை அடைக்கப் பார்க்காமல், ஜப்பானிய வரிசையை அப்படியே வைத்துக்கொள்வதுதான் இதற்கு வழி.

ரோட்டாவில் இதன் மறுபக்கத்தைப் பார்க்கலாம். நம் பையனுக்கு இரண்டு தவணைதான். இந்திய அரசு அட்டவணையில் மூன்று. பெயர் எழுதாமல் ‘ரோட்டா: 2 தவணை’ என்று மட்டும் தந்தால், மூன்றாவது விட்டுப்போனதாகத்தான் செவிலியருக்குத் தோன்றும். ரோட்டாரிக்ஸ் என்ற மருந்து, தவணைக்கு 1.5 மில்லி, இரண்டு தவணையோடு முடிந்தது என்று எழுதினால் கேள்வியே எழாது. ஜப்பானில் புழங்கும் மற்றொரு ரோட்டா மருந்தான ரோட்டாடெக்குக்கு மூன்று தவணை, ஒவ்வொன்றும் 2 மில்லி. ஆகவே நிறுவனப் பெயரும் மருந்துப் பெயரும் அலங்காரம் அல்ல; அவை இல்லாவிட்டால் தவணைக் கணக்கே நிற்காது.

இந்தத் தகவல் எங்கே கிடைக்கும்? கட்டத்தில் ஒட்டிய ஸ்டிக்கரில். மருந்துக் குப்பியில் இருந்து உரித்து ஒட்டியது அது. தயாரிப்பு எண்ணை ஓர் எழுத்து, ஓர் எண் மாறாமல் இரு பக்கத்திலும் பெயர்த்து எழுதவேண்டும். சில ஸ்டிக்கர்களில் மருந்தின் காலாவதித் தேதியும் இருக்கும். அதை ஊசி போட்ட தேதியாக எடுத்துக்கொண்டால், குழந்தை இன்னும் ஒரு வருடம் கழித்துப் போட்டுக்கொள்ளப்போகும் ஊசியை இப்போதே போட்டுவிட்டதாகப் பதிவாகும். ஊசித் தேதி கையெழுத்தில் இருக்கும், காலாவதித் தேதி அச்சில் இருக்கும் என்பது நல்ல அடையாளம். அளவைப் பொறுத்தவரை, கையேட்டில் அதற்கென்று தனிக் கட்டம் இல்லாத பக்கங்கள் உண்டு. அந்த இடத்தில் மருந்தின் வழக்கமான அளவைத் தாமாக நிரப்பாமல் ‘மூலத்தில் அளவு குறிக்கப்படவில்லை’ என்று எழுதுவதுதான் மொழிபெயர்ப்பாளரின் கடமை. தெரிந்த அளவைச் சொல்லியே ஆகவேண்டும் என்றால் அடிக்குறிப்பில், குறிப்பு என்ற பெயரோடு வரட்டும்.

பி.சி.ஜி. தழும்பைப் பற்றியும் ஒரு வரி சேர்த்துவிடுவது நல்லது. இந்தியாவில் பிறந்தவுடன் இடது மேல்கையில் ஒரே ஊசி, ஒரே தழும்பு. ஜப்பானில் 5 மாதம் முடிந்து 8 மாதம் முடியும் முன் போடுவது வழக்கம். ஒன்பது நுண்ணூசிகள் பதித்த உருளையை மேல்கையில் இரண்டு இடத்தில் அழுத்துவார்கள். 18 புள்ளிகள் விழும். ஒற்றைத் தழும்பைத் தேடிப் பழகிய கண்ணுக்கு அந்தப் புள்ளி வரிசை வேறு ஏதோ சிரங்குபோலத் தெரியலாம்.

வளர்ச்சி வரைபடத்துக்கு வந்தால், மொழிபெயர்ப்பு என்ற சொல்லே தவறான எண்ணத்தைத் தரும். ஜப்பானியக் கையேட்டில் எடைக்கும் உயரத்துக்கும் ஒரு வளைந்த பட்டை அச்சிட்டிருக்கும். ஒரே வயதுள்ள 100 குழந்தைகளை எடை வரிசையில் நிறுத்தினால் கீழிருந்து 3-ஆவது இடம் பட்டையின் கீழ் விளிம்பு. 97-ஆவது இடம் மேல் விளிம்பு. ஜப்பானியக் குழந்தைகளை அளந்து வரைந்த பட்டை அது. இந்தியத் தாய்-சேய் அட்டையில் உள்ள பச்சை, மஞ்சள், ஆரஞ்சுப் பகுதிகள் 2006-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட தர அளவுகளின்படி வரைந்தவை. பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் நல்ல சூழலில் தாய்ப்பால் குடித்து வளர்ந்த குழந்தைகளின் அளவுகள் அவை. பச்சையின் கீழ் எல்லை, 100 பேரில் ஏறக்குறைய 2.3-ஆவது இடத்தில் வரும். இரண்டு படத்திலும் அளந்த குழந்தைகளும் வேறு, கோடு போட்ட இடமும் வேறு.

ஆகவே ‘பட்டைக்குள் இருக்கிறான்’ என்பதைப் ‘பச்சையில் இருக்கிறான்’ என்று பெயர்க்கக் கூடாது. பெயர்க்கவேண்டியது எண்ணை மட்டும். ஒரு வயதுப் பரிசோதனையில் பையனின் எடை 7,800 கிராம் என்று இருந்தால், தேதி, வயது, 7.8 கிலோ என்று எழுதினால் போதும். அதை இந்திய அட்டையில் புள்ளியாக வைப்பது சென்னையில் இருக்கும் செவிலியரின் வேலை. உலக சுகாதார நிறுவன அளவில் 12 மாத ஆண் குழந்தையின் நடு எடை 9.6 கிலோ, பச்சையின் கீழ் எல்லை 7.7 கிலோ. அந்தப் புள்ளி பச்சைக்குள் விழுந்தாலும் விளிம்பை ஒட்டி விழும். அடுத்த மாதம் கண்டிப்பாக எடை பார்க்கவேண்டிய குழந்தை. ஜப்பானியப் படத்தை நகலெடுத்து இந்திய அட்டையின்மீது ஒட்டிப் பார்த்தால் இது தெரியாமலே போகும்.

உயரத்தில் இன்னொரு சொல்லை விடாமல் எடுத்துவர வேண்டும். ஜப்பானிய வளைவு 2 வயது வரை படுக்கவைத்து அளந்தது. அதன் பிறகு நிற்கவைத்து அளந்தது. ஒரே குழந்தையைப் படுக்கவைத்தால் நிற்பதைவிடச் சுமார் 0.7 சென்டிமீட்டர் கூடுதலாக வரும். 2 வயதை ஒட்டிய அளவுகளில் ‘படுத்த நிலை’ அல்லது ‘நின்ற நிலை’ என்று எழுதாவிட்டால், அடுத்த முறை நிற்கவைத்து அளக்கும்போது குழந்தை வளராமல் நின்றுவிட்டதுபோலத் தெரியும். வீட்டில் தேவையில்லாத பயம்.

எல்லாம் எழுதி முடித்தபின் சரிபார்க்க ஒரு வழி உண்டு. ஒவ்வொரு வரியிலும் பிறந்த தேதியை ஊசித் தேதியிலிருந்து கழித்து வயதை மறுபடி கணக்கிட்டு, எழுதிய வயதோடு ஒப்பிடுவது. ரெய்வாவை ஹெய்செய் என்று மாற்றிப் படித்திருந்தால், மாதமும் நாளும் இடம் மாறியிருந்தால், ஸ்டிக்கர் தேதி உள்ளே புகுந்திருந்தால், இந்தக் கழித்தலில் பெரும்பாலும் பிடிபட்டுவிடும்: குழந்தை பிறக்கும் முன் போட்ட ஊசி, 14 மாதத்தில் கொடுத்த ரோட்டா என்று விடை வந்து நிற்கும். அடுத்து, ஒரே மருந்தின் இரண்டு தவணைக்கு இடையில் 28 நாளுக்குக் குறைவு வந்தால் மூலத்தை மறுபடி பார்க்கவேண்டும். மூலத்திலேயே அப்படித்தான் இருக்கிறது என்றால் அப்படியே எழுதி, பக்கத்தில் ‘மூலத்தில் உள்ளபடி’ என்று குறிக்கவேண்டும். அந்தத் தவணை செல்லுமா என்று முடிவு செய்வது மருத்துவர்.

மாதத்தை எண்ணால் எழுதாமல் பெயரால் எழுதுவதும் பாதுகாப்பு. 8-11 என்றால் ஆகஸ்டா நவம்பரா என்று இரண்டு நாட்டார் இரண்டு விதமாகப் படிப்பார்கள். ‘15 நவம்பர் 2022’ என்றால் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே நாள்தான்.

இப்படி எழுதப்பட்ட பக்கத்தில் பையனின் ஜூலை 12 வரி ஒன்று இவ்வாறு இருக்கும்: ‘12 ஜூலை 2022. 3 மாதம் 0 நாள், 13 வாரம். தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னி, ஊசிவழிப் போலியோ கூட்டு. முதல் சுற்று, முதல் தவணை. அளவு: மூலத்தில் குறிக்கப்படவில்லை. தயாரிப்பு எண்: ஸ்டிக்கரில் உள்ளபடி.’ ஊக்குவிப்புத் தவணைக்கான கடைசி வரியில் ‘போடவில்லை’ என்று எழுதுவதைவிட ‘கையேட்டில் பதிவு இல்லை’ என்று எழுதுவது சரி. கிளம்பும் அவசரத்தில் வேறு ஒரு கிளினிக்கில் போட்டு, தனித் தாளில் வாங்கி, அந்தத் தாள் அப்பாவின் அலுவலகப் பையில் தங்கிவிட்டிருக்கலாம். பெற்றோரிடம் கேட்டு, தாள் கிடைத்தால் அதையும் சேர்த்து, மூலக் கையேட்டின் நகலோடு மொழிபெயர்ப்பைப் பின் குத்திக் கொடுக்கவேண்டும்.